ஒற்றைக் கால் வீங்கினால் நீவாதீர்கள்

“கர்ப்பிணிக்குக் கால் வீங்கி வலிச்சா நரம்பு சுருட்டல்தான். நல்லெண்ணெய சூடு பண்ணி அழுத்தி நீவுங்க, சரியாயிடும்.”

இது தவறு, ஆபத்தும் கூட. நரம்பு சுருட்டல் தோலுக்கடியில் புடைத்து நெளியும், சாயங்காலம் கால் கனக்கும், காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் குறையும். அதற்குக் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே போடும் அழுத்தக் காலுறை போதும்.

ஆனால் எங்கள் வீவக புளோக்கில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு இடது கால் மட்டும் வீங்கியது. இரவு முழுக்கப் படுத்தும் வடியவில்லை, கெண்டைக்கால் சூடாக இருந்தது, தையல் டேப்பால் அளந்தால் வலது காலைவிட 3 செ.மீ. அதிகம். மாமியார் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டார், நல்லவேளை தொடவிடவில்லை. ஸ்கேனில் காலுக்குள் ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தக்கட்டி. கர்ப்பத்தில் இது பெரும்பாலும் இடது காலில்தான் வரும், ஏனென்றால் அந்தப் பக்கத்துச் சிரை தமனிக்கு அடியில் நசுங்கிப் போகிறது. நீவினால் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போகலாம்.

அளவில் வித்தியாசம் இல்லாவிட்டாலும், ஒற்றைக் காலில் புதிதாக வலி வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அல்ட்ராசவுண்ட் குழந்தையைப் பாதிக்காது, ரத்தக்கட்டிக்குப் போடும் ஹெப்பாரின் ஊசி நச்சுக்கொடியைத் தாண்டாது. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 995.