ரெண்டே மேட்ச்சை வச்சு என்னை ஊர்ப்பாசக்காரன்னு சொன்னவங்களுக்கு

நம்ம ஞாயித்துக்கிழமை கிரிக்கெட்ல ரெண்டு வாரம் முடிஞ்சு, எந்த டீம் பலமானதுன்னு நான் போட்ட பட்டியலுக்குக் கீழ நடந்த பேச்சை எல்லாரும் பார்த்திருப்பீங்க. "ரெண்டும் தோத்த காவேரிப்பட்டணம் மேல, ரெண்டும் ஜெயிச்ச பர்கூர் கீழயா? சொந்த ஊர்னா இப்படித்தான்." ராத்திரி தூக்கமே வரல.

நான் போடுறது புள்ளிப் பட்டியல் இல்ல. அதுல பர்கூர்தான் மேல, அதை யாரு மறுத்தா? யாரு பலமான டீம்ங்கிறது வேற கேள்வி. ரெண்டு மேட்ச் அதுக்குப் பத்தாது.

கணக்கைச் சொல்றேன். போன வருஷம் காவேரிப்பட்டணம் 12ல 9 ஜெயிச்சாங்க, 75 சதவீதம். அதை அப்படியே எடுக்கல. அதுலயும் அதிர்ஷ்டம் இருக்கும்னு 50 பக்கமா இழுத்து 60னு வச்சேன். 3 மட்டும் ஜெயிச்ச பர்கூரையும் அதே மாதிரி 25ல இருந்து 40க்கு ஏத்தினேன். இந்தப் பழைய மதிப்புக்கு 12 மேட்ச் எடை. அதாவது காவேரிப்பட்டணம் ஏற்கெனவே 12 ஆடி 7.2 ஜெயிச்ச மாதிரி. அதோட ரெண்டு தோல்வியைச் சேர்த்தா 14ல 7.2, கிட்டத்தட்ட 51. பர்கூர் 14ல 6.8, கிட்டத்தட்ட 49. 20 புள்ளி இடைவெளி ரெண்டே வாரத்துல மூணுக்குக் கீழ வந்துடுச்சு. இதுவா பாசம்?

12ங்கிற எடையும் என் இஷ்டத்துக்கு வச்சதில்ல. பழைய ஸ்கோர் நோட்டுகளை எடுத்து வேற வேற எடை போட்டு, மிச்ச மேட்ச் முடிவுகளோட எது நெருக்கமா ஒத்துப்போச்சுன்னு பார்த்து எடுத்தது.

எங்கப்பா மாந்தோப்பு குத்தகை எடுக்கிறவர். ரெண்டு கிளையில பிஞ்சு நல்லா இருக்குன்னு மட்டும் பார்த்து விலை பேசமாட்டார். மரத்தோட முந்தின வருஷக் கணக்கையும் கேட்பார்.

"ஆளுங்க மாறிட்டா?"ன்னு ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. முக்கிய பவுலருக்கு ஓசூர் கம்பெனியில ஞாயித்துக்கிழமை ஷிப்ட் விழுந்தா டீமே வேற. அப்ப எடையைக் குறைக்கணும். 6னு வச்சா பர்கூர் 55, காவேரிப்பட்டணம் 45, பட்டியலே திரும்பிடும். ஆனா போன வருஷ பதினோரு பேர்ல ஒன்பது பேர் இந்த ரெண்டு மேட்ச்சும் ஆடியிருக்காங்க. எதுக்குக் குறைக்கணும்?

"ஜெயிச்சவன் ஜெயிச்சவன்தான்"னு சொல்றவங்களுக்கு: சரிசமமான டீம்கூட நாலு தடவையில ஒரு தடவை முதல் ரெண்டையும் ஜெயிக்கும். 2015 ஐ.பி.எல்.ல மும்பை முதல் நாலும் தோத்தாங்க, கோப்பை அவங்களுக்குத்தான் போச்சு. எப்பவும் அப்படி நடக்கும்னு சொல்லல. நாலு தோல்வியே முடிவு சொல்லலைன்னா ரெண்டு எப்படிச் சொல்லும்?

வர ஞாயிறு பர்கூர் ஜெயிச்சு, நாங்க தோத்தா பர்கூர் 52, நாங்க 48. எங்க ஊரைக் கீழ போட்டு அன்னைக்கு ராத்திரியே பட்டியல் வரும். கணக்குல தப்பு இருந்தா நோட்டோட வாங்க, உட்கார்ந்து பேசலாம். ஞாயிறு தவறாம வெயில்ல நின்னு ஸ்கோர் எழுதுறவனோட நேர்மையை மட்டும் இழுக்காதீங்க.