15 வயதுப் பிள்ளை காலையில் எழாததைச் சோம்பல் என்று சொல்லாதீர்கள்

வீட்டில் 15, 16 வயதில் ஒரு பிள்ளை இருந்தால் இந்தப் புகாரும் கூடவே இருக்கும். "ராத்திரி படு படு என்றால் படுப்பதில்லை, காலையில் எழுப்பினால் எழுவதில்லை. சின்னதில் எட்டரைக்கே தூங்கிவிடுவான், இப்போது என்ன வந்தது இவனுக்கு?" பக்கத்தில் தாத்தா இருந்தால் அவர் பங்குக்கு, "நான் நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருக்கிறேன், இவனைப் பார்" என்பார். இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். தாத்தாவின் நாலு மணியும் பேரனின் பத்து மணியும் அவரவர் வயதின் வேலை. ஒருவருக்குப் பாராட்டு, இன்னொருவருக்குத் திட்டு என்பது நியாயமே இல்லை.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் தேசியத் தூக்க அறக்கட்டளை 2015இல் வயதுவாரியாக ஒரு பரிந்துரை வெளியிட்டது. பிறந்து 3 மாதம் வரை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம். 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 15. 1, 2 வயதில் 11 முதல் 14, 3 முதல் 5 வயது வரை 10 முதல் 13, 6 முதல் 13 வயது வரை 9 முதல் 11. 14 முதல் 17 வயதுக்கு 8 முதல் 10. அதன்பின் 64 வயது வரை 7 முதல் 9, 65ஐத் தாண்டினால் 7 முதல் 8. பகல் தூக்கமும் இதில் சேர்த்திதான். பெரியவர்களுக்குச் சொல்லும் "எட்டு மணி நேரம்" பதின்ம வயதுக்காரருக்குக் குறைந்தபட்சம் என்பதைக் கவனியுங்கள். இந்த ஒரு வரிசையைத்தான் நாம் எப்போதும் தவறவிடுகிறோம்.

ஏன் வயதுக்கு வயது மாறுகிறது? நம்மைத் தூங்க வைப்பவை இரண்டு விஷயங்கள். ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் ஏறிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம். அடினோசின் என்ற பொருள் சேர்வது இதில் ஒரு பெரிய பங்கு. தூங்கினால் அது இறங்கிவிடும். இன்னொன்று உடம்பின் உள் கடிகாரம். எப்போது விழிப்பு, எப்போது உறக்கம் என்று நேரம் குறிப்பது அதுதான். இரவானால், தூங்கும் நேரம் வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் சொல்வதும் அதன் வேலை. அலெக்சாண்டர் போர்பேலி என்ற ஆய்வாளர் 1982இல் இந்த இரண்டையும் சேர்த்து ஒரு விளக்கம் கொடுத்தார். இன்றும் தூக்க மருத்துவம் பெரும்பாலும் அதன் மேல்தான் நிற்கிறது. வயது ஏற ஏற இந்த இரண்டும் தனித்தனியாக மாறுகின்றன.

பிறந்த குழந்தைக்கு உள் கடிகாரம் இன்னும் சரியாக ஓடத் தொடங்கவில்லை. அதனால்தான் அதற்கு ராத்திரியும் பகலும் ஒன்று. இரண்டு மூன்று மாதம் ஆகும்போதுதான் இரவு பகல் ஒழுங்கு மெல்ல வரும். அழுத்தமோ அதற்கு மிக வேகமாக ஏறும். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் விழித்திருந்தாலே போதும், கண் சொருகிவிடும். அதன் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி, கண்ணும் முகமும் அசைந்துகொண்டிருக்கும் வகைத் தூக்கம். பெரியவர்களின் கனவுத் தூக்கத்துக்கு இணையானது அது. மூளையின் இணைப்புகள் உருவாவதில் அதற்குப் பங்கு உண்டு என்று கருதுகிறார்கள். வளர வளர அழுத்தம் ஏறும் வேகம் குறைகிறது, குழந்தையால் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்க முடிகிறது. 5 வயதுவாக்கில் பெரும்பாலான பிள்ளைகள் பகல் தூக்கத்தை விட்டுவிடுவது இதனால்தான்.

இதே பாதை தொடர்ந்து, 15 வயதில் பெரியவர் அளவுக்குத் தூங்கினால் போதும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மேரி கார்ஸ்கடன் என்ற தூக்க ஆய்வாளர் அதைச் சோதித்துப் பார்த்தார். 1976இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கோடை முகாம் போல ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் தொடங்கி, அதே பிள்ளைகளை வருடாவருடம் வரவழைத்தார்கள். இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை படுக்கை. வயது ஏற ஏறத் தூக்கம் குறையும் என்பது எதிர்பார்ப்பு. குறையவில்லை. எல்லா வயதிலும் சராசரியாக 9 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவே தூங்கினார்கள். அதைவிட முக்கியமான விஷயம், பருவம் எய்தியவர்களுக்கு அவ்வளவு தூங்கிய பிறகும் பகலில் தூக்கக் கலக்கம் முன்பைவிடக் கூடியிருந்தது. தேவை குறைந்திருந்தால் இப்படி நடந்திருக்காது.

அப்படியென்றால் இரவில் ஏன் தூக்கம் வருவதில்லை? பருவ வயதில் இரண்டுமே ஒரே பக்கம் தள்ளுகின்றன. தூக்க அழுத்தம் ஏறும் வேகம் குறைந்துவிட்டதால் பத்து வயதில் எட்டரைக்குத் தள்ளாடிய பிள்ளை இப்போது பதினொன்றுக்கும் தெளிவாக இருக்கிறது. உள் கடிகாரமும் பின்னால் நகர்கிறது, மெலடோனின் தாமதமாகத்தான் சுரக்கிறது. மங்கலான வெளிச்சத்தில் உட்கார வைத்து உமிழ்நீர் எடுத்து இதை அளந்திருக்கிறார்கள். கைபேசி இதை மோசமாக்குகிறது என்பது உண்மைதான். ஆனால் 1970களின் பிள்ளைகள் கையில் கைபேசி கிடையாது. பழியை முழுக்க அதன் மேல் போட்டுவிட்டால் நாம் காரணத்தில் பாதியைத் தொலைத்துவிடுகிறோம். இந்தத் தள்ளிப்போதல் 20 வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய், அதன்பின் மெல்ல முன்னால் திரும்பத் தொடங்குகிறது.

ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். வயது 15. இரவு 11:15க்குத்தான் தூக்கம் வருகிறது, காலை 5:30க்கு எழுப்புகிறார்கள். தூங்கியது 6 மணி 15 நிமிடம். வேண்டியது 9 மணி என்று வைத்தால் ஒரு நாளைக்கு 2 மணி 45 நிமிடம் குறை. பள்ளி நாட்கள் ஐந்துக்கும் சேர்த்தால் 13 மணி 45 நிமிடம், ஏறக்குறைய ஒன்றரை இரவு. வெள்ளி இரவு 12:30க்குப் படுத்து சனிக்கிழமை 11 மணிக்கு எழுகிறது. ஞாயிறும் அப்படியே. இதைத்தான் சோம்பல் என்கிறோம்.

இப்போது ஞாயிறு இரவைப் பாருங்கள். காலை 11 மணிக்கு எழுந்த பிள்ளை இரவு 11:15க்கு விழித்திருந்தது 12 மணி நேரம்தான். பள்ளி நாளில் அது 17 மணி நேரத்துக்கு மேல். அழுத்தம் போதவில்லை, அதனால் படுத்துப் புரளும். நடுத்தூக்கம் என்று ஒரு கணக்கு உண்டு, தூங்கிய நேரத்தின் சரிபாதிப் புள்ளி. இந்தப் பிள்ளைக்குப் பள்ளி நாளில் அது ஏறக்குறைய 2:20, விடுமுறையில் 5:45. ஒவ்வொரு வார இறுதியும் மூன்றரை மணி நேர வித்தியாசமுள்ள ஒரு நாட்டுக்கு விமானத்தில் போய்த் திங்கட்கிழமை திரும்பி வந்த மாதிரி. திங்கள் காலை முதல் பாடத்தில் அது தலை கவிழ்ந்து கிடந்தால் ஆச்சரியம் என்ன?

இதற்குப் பெற்றோர் முதலில் செய்வது "இன்று ஒன்பதுக்கே படு" என்பது. அது பலிக்காது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் உள் கடிகாரம் விழிப்பை மிக வலுவாகப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரம். அப்போது படுத்தால் பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும், படுக்கை என்றாலே எரிச்சல் என்று பழகிவிடும்.

பலிப்பது காலைப் பக்கத்திலிருந்து தொடங்குவது. முதலில் விடுமுறை நாளில் எழும் நேரத்தைப் பிடியுங்கள். பள்ளி நாளைவிட இரண்டு மணி நேரத்துக்கு மேல் தள்ளாமல் பார்த்துக்கொள்ளலாம். 5:30க்கு எழும் பிள்ளை 7:30க்கு எழுவது அதற்குக் கொடுமையாகத்தான் தெரியும், அதனால் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள், வாரத்துக்கு ஒரு மணி நேரமாகக் குறையுங்கள். எழுந்ததும் வெளியே, பகல் வெளிச்சத்தில் அரை மணி நேரம். கடிகாரத்தை முன்னால் இழுக்க இதைவிட வலுவானது எதுவும் இல்லை. குறை அதிகமிருந்தால் பிற்பகலில் 20, 30 நிமிடம் தூங்கட்டும், மாலை 4 மணிக்கு மேல் வேண்டாம். நண்பகலுக்குப் பிறகு காபி, சக்தி பானங்கள் வேண்டாம். காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம்போல ஆகும். படுக்கும் முன் ஒரு மணி நேரம் வீட்டு விளக்கைக் குறையுங்கள், பெரியவர்களும் சேர்ந்தே குறையுங்கள். இவ்வளவும் ஓடிய பிறகு படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் நகர்த்தலாம். 10:15 வரை வந்தால் ஒரு மணி நேரம் லாபம். அதற்கு மேல் இந்த வயதில் நகர்த்துவது பெரும்பாலும் கஷ்டம்.

அப்படியும் அந்தப் பிள்ளை 7 மணி 15 நிமிடம்தான் தூங்கும், 8 ஆகவில்லை. மிச்சம் இருப்பது பள்ளி தொடங்கும் நேரத்தில்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் 8:30க்கு முன் தொடங்க வேண்டாம் என்றது. சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளி நேரத்தை 7:50இலிருந்து 8:45க்கு மாற்றியது. மணிக்கட்டில் கருவி கட்டி முன்னும் பின்னும் அளந்தபோது பள்ளி நாள் தூக்கம் 34 நிமிடம் கூடியிருந்தது. "நேரம் கொடுத்தால் இன்னும் தாமதமாகத்தானே படுப்பார்கள்" என்ற வாதம் அங்கே பொய்த்தது. எந்த ஊர்ப் பெற்றோர் கூட்டத்திலும் நான் முதலில் கேட்கச் சொல்வது இந்த மாற்றத்தைத்தான்.

அந்தத் தாத்தாவுக்கு வருவோம். கடிகாரம் அவருக்கு முன்னால் நகர்ந்துவிட்டது, அதனால் இரவு சீக்கிரம் சோர்ந்து விடியுமுன் விழிக்கிறார். ஆழ்ந்த உறக்கம் குறைந்துவிட்டது, சின்னச் சத்தத்துக்கும் கண் திறந்துவிடுகிறது. "வயதானால் தூக்கம் தேவையில்லை" என்று இதை எடுத்துக்கொள்வது தவறு. தேவை 7 மணி நேரத்துக்குக் கீழே போகவில்லை, ஒரே மூச்சில் தூங்கும் திறன்தான் குறைந்திருக்கிறது. இரவில் பலமுறை சிறுநீர், மூட்டு வலி, மாத்திரைகள், குறட்டையோடு மூச்சு நின்று வருவது ஆகியவற்றில் பலவற்றுக்கு மருத்துவம் உண்டு. "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுவதால் எத்தனையோ பேர் சும்மா அவதிப்படுகிறார்கள்.

உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு தூக்கம் தேவை என்று தெரிய வேண்டுமா? நீண்ட விடுமுறையில் அலாரம் இல்லாமல் விடுங்கள். முதல் சில நாட்கள் பழைய குறையைத் தூங்கித் தீர்க்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதன்பின் தானாக விழிக்கும் அளவுதான் அதன் தேவை. அப்போதும் விடியற்காலை மூன்றுக்கு மேல்தான் தூக்கம் வருகிறது, ஆனால் நண்பகல் வரை நன்றாகத் தூங்குகிறது என்றால் கடிகாரம் மிக அதிகமாகத் தள்ளிப் போயிருக்கலாம். பத்து மணி நேரம் தூங்கியும் பகலில் சாய்கிறது, குறட்டை விடுகிறது, மனம் சோர்ந்தே இருக்கிறது என்றால் காரணம் வேறாக இருக்கலாம். இந்த இரண்டிலும் திட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போகும்போது இரண்டு வாரம் படுத்த நேரமும் எழுந்த நேரமும் எழுதிய ஒரு தாளைக் கொண்டு போனால், பாதி விஷயம் அவருக்கு அதிலேயே தெரிந்துவிடும்.