மெம்பெலாயும் சுவாமியும்

“மலாய் மெம்பெலாய் நம்ம மாப்பிள்ளைதான், பொருள் மாறவே இல்ல. கணவனைக் குறிக்கிற சுவாமியும் தமிழ்ல இருந்துதான் போச்சு” என்று ஒருவர் சொல்கிறார்.

முதல் பாதி சரி, சொல் மாப்பிள்ளைதான். ஆனால் மலாயில் அது மணப்பெண்ணையும் குறிக்கும். பிரித்துச் சொல்ல வேண்டுமானால் ஆணுக்கு மெம்பெலாய் லெலாக்கி, பெண்ணுக்கு மெம்பெலாய் பெரெம்புவான். நம் ஊரில் மணப்பெண்ணை மாப்பிள்ளை என்று சொல்லிப் பாருங்கள்!

சுவாமி சமஸ்கிருதச் சொல். கணவன் என்ற பொருள் அங்கேயே உண்டு. மலாயில் உடையவன், இறைவன் என்பவை உதிர்ந்து அது மட்டும் தங்கிவிட்டது. சமஸ்கிருதச் சொற்கள் தமிழ் வழியாகத்தான் போயிருக்க வேண்டும் என்பதில்லை. சுமத்ராவில் பாலெம்பாங் அருகே கிடைத்த 683ஆம் ஆண்டு கெடுகான் புக்கிட் கல்வெட்டின் பழைய மலாயிலேயே அவை நிறைய. எழுத்து மட்டும் பல்லவ எழுத்து, அந்தப் பெருமையை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், மலாயின் இன்னொரு சொல்லான கெடாய்: அது நம் கடையேதான், பொருளும் அதேதான்.