சம்பந்தி வந்தது

(தியாகராய நகர், உஸ்மான் சாலை. முகூர்த்த வேட்டி எடுக்க வந்த சபாபதியும் ராமுவும் ஒரு காபிக் கடை ஓரத்தில் சந்திக்கிறார்கள். திருவல்லிக்கேணிப் பள்ளியில் ஒரே பெஞ்சு. 45 ஆண்டுகளாக வாடா போடா. சென்ற வாரம்தான் சபாபதியின் மகளுக்கும் ராமுவின் மகனுக்கும் நிச்சயமானது.)

சபாபதி: வணக்கம். பஸ்ஸில் வந்ததா?

ராமு: எது?

சபாபதி: இல்லை... வந்தது பஸ்ஸிலா என்று கேட்டேன்.

ராமு: மின்சார ரயிலில். காபி ஆயிற்றா?

சபாபதி: இன்னும் இல்லை. குடிக்கலாமா?

ராமு: குடிக்கலாம். சர்க்கரை வேண்டுமா?

சபாபதி: வேண்டாம். (தொண்டையைச் செருமி) உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வீட்டில் உத்தரவு. "அவர் இனிமேல் சம்பந்தி. நாம் பெண் வீட்டார். வாயில் ஒரு 'டா' வந்தால் தெரியும் சேதி" என்றாள்.

ராமு: எனக்கும் அதே உத்தரவுதான். நேற்று மகனிடம், "உன் மாமனார் போன் செய்தான்" என்றேன். வீடே எழுந்து நின்றது.

சபாபதி: நான் 'நீ' என்ற சொல்லையே விழுங்கிவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. அதை விழுங்கினாலும் வினைச்சொல்லின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. 'வந்தாய்' என்றால் மரியாதை போயிற்று. 'வந்தீர்கள்' என்றால் நட்பு போயிற்று.

ராமு: அதனால்தான் 'வந்தது' என்று என்னை மாடாக்கினாயோ... ஆக்கினீர்களோ... ஆக்கியதோ?

சபாபதி: மன்னிக்க வேண்டும்.

ராமு: அடடா, அது நல்ல சொல்! முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் சொல்கிறேன். 'வேண்டும்', 'முடியும்', 'தெரியும்', 'பிடிக்கும்', அப்புறம் 'போகலாம்', 'குடிக்கலாம்'. இவற்றுக்கு வாலே கிடையாது. கலெக்டருக்கும் காய்கறிக்காரருக்கும் ஒரே 'வேண்டுமா'தான். கல்யாணம்வரை இதை வைத்தே ஓட்டிவிடலாம்.

சபாபதி: பேரன் பிறந்த பிறகும் "தூக்கலாமா, கொஞ்சலாமா" என்றே பேசிக்கொண்டிருப்பதா? பேசாமல் 'நீங்கள்' என்றே பழகிவிடலாம். எங்கே, ஒரு முறை.

ராமு: (நிமிர்ந்து) ஏழாம் வகுப்பில் என் தயிர் சாதத்தை நீங்கள்தான் திருடித் தின்றீர்கள்.

சபாபதி: கோர்ட்டில் நிற்பது போலிருக்கிறது. நடுவில் 'நீர்' என்று ஒன்று இருக்கிறதே? திருநெல்வேலிப் பக்கத்து நண்பர் ஒருவர் "எப்போது வந்தீர்?" என்றுதான் கேட்பார்.

ராமு: அங்கே அது இனிக்கும். நம் தெருவில் "நீர் வந்தீரா?" என்றால் லாரி வந்துவிட்டது என்று குடத்தோடு ஓடி வருவார்கள். பாவம், அந்த 'நீர்' முதலில் பலரைக் கூப்பிட்ட சொல். ஒற்றை ஆளுக்கு மரியாதையாகக் கொடுக்கப் போய்த் தேய்ந்துவிட்டது. 'அவர்' கதையும் அதேதான். ஒருவருக்குக் கொடுத்துவிட்டதால், பலருக்குக் 'கள்' சேர்த்து 'அவர்கள்' என்றோம். இப்போது அமைச்சர் தனியாக வந்தாலும் 'அமைச்சர் அவர்கள்'.

சபாபதி: இதையெல்லாம் அந்தக் காலத்தில் யாரும் தட்டிக் கேட்கவில்லையா?

ராமு: தொல்காப்பியர் கேட்டார். ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் உள்ள உயர்சொல்தான், ஆனால் இலக்கண நெறி அல்ல என்று கிளவியாக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார்.

சபாபதி: அப்படியானால் தொல்காப்பியர் நம் கட்சி! வீட்டில் சொல்லிவிடட்டுமா?

ராமு: சொல்லலாம். தொல்காப்பியருக்கு யார் வீட்டில் சோறு போடுவார்கள் என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

(ராமு காபிக் கோப்பையுடன் பேச்சு சுவாரசியத்தில் பின்னோக்கி நகர்ந்து சாலையில் இறங்குகிறார். ஒரு ஸ்கூட்டர் வேகமாக வருகிறது.)

சபாபதி: ஐயோ... அங்கே ஒரு ஸ்கூட்டர்... கொஞ்சம் நகர்ந்தால் நன்றாக இருக்கும்...

ராமு: என்ன?

சபாபதி: நகர வேண்டும்... நகரலாம்... டேய் ராமு, நகருடா!

(ராமு துள்ளிக் குதிக்கிறார். ஸ்கூட்டர் உரசிக்கொண்டு போகிறது. காபி முழுவதும் சபாபதியின் வெள்ளைச் சட்டையில்.)

ராமு: ஏன்டா, இதை முதலிலேயே சொல்லித் தொலைப்பதற்கு என்ன?

சபாபதி: ஏவலுக்கு வாலில்லாத சொல் கிடைக்கவில்லையடா!

(சபாபதியின் செல்பேசி அடிக்கிறது. திரையில் மனைவியின் பெயர்.)

சபாபதி: ஆமாம், வந்துவிட்டார்... இல்லையில்லை, மரியாதையாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்... சட்டையா? காபி... அவர்கள் கொட்டினார்கள்.

ராமு: (மெதுவாக) எத்தனை பேர்டா கொட்டினோம்?