மார்ச் 31 அந்த 90 நாளில் வராது
“கடைசி 90 நாளில் தொடாத அனுமதியைத் தயங்காமல் நீக்கிவிடலாம்.” மென்பொருளில் யார் எதைத் திறக்கலாம் என்ற அனுமதிகளைக் குறைக்கும்போது பலரும் சொல்வது இது. கணக்குப் பிரிவில் இதைச் செய்து நான் சூடு பட்டிருக்கிறேன். நாங்கள் எஸ்ஏபி மென்பொருளில், யார் எந்தத் திரையைத் திறந்தார்கள் என்று சொல்லும் ST03N காட்டிய ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான பயன்பாட்டை வைத்து 22 பேருக்குப் புது ரோல்கள், அதாவது அனுமதித் தொகுப்புகள், அமைத்தோம். பட்டியல் பாதியாகச் சுருங்கியது, எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் ஏப்ரல் வந்தது. சொத்துக் கணக்கின் ஆண்டை முடிக்க AJAB, நிலுவைகளைப் புது ஆண்டுக்குக் கொண்டுபோக FAGLGVTR, இரண்டுமே எந்த ரோலிலும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை ஓடுவது ஜூலைப் பதிவில் எப்படித் தெரியும்? இரவு 9 மணிக்குத் தற்காலிக அனுமதி கொடுத்துச் சமாளித்தோம். இப்போது 13 மாதப் பதிவை எடுக்கிறோம், ஆண்டு முடிவு வேலைகளைச் செய்பவரிடமே கேட்டுத் தனி ரோலாக வைக்கிறோம். இன்னொரு நண்பர் “பயன்படுத்தினால் தேவை என்றுதானே அர்த்தம்” என்கிறார். அதுவும் சரியில்லை. எங்களிடம் ஆறு பேர் தினமும் FK02 திறந்தார்கள், அது சப்ளையர் விவரத்தைத் திருத்தும் திரை, வங்கிக் கணக்கு எண் உட்பட. ஆனால் யார் எதை மாற்றினார்கள் என்று பதிவாகும் CDHDR அட்டவணையில் நான்கு பேர் பெயரில் ஒரு மாற்றம்கூடப் பதிவாகவில்லை. முகவரி பார்க்கத்தான் திறந்திருக்கிறார்கள், பழக்கதோஷம். ST03N திரை திறந்ததை மட்டுமே சொல்லும், உள்ளே என்ன செய்தார்கள் என்று சொல்லாது. அந்த நால்வருக்கும் பார்க்க மட்டும் உதவும் FK03 கொடுத்தோம், ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை.