ஆர்கானிக் காயில் மருந்தே இருக்காதா?

“ஆர்கானிக் காயில் பூச்சிமருந்தே இருக்காது. சாதா காய் சாப்பிட்டால் கேன்சர்தான்.”

இரண்டுமே சரியில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2013 முதல் 2015 வரையிலான சோதனைகளை ஒப்பிட்டது. அளக்கக்கூடிய பூச்சிமருந்து எச்சம் சாதாரண விளைபொருள் மாதிரிகளில் 44 சதவீதத்திலும், ஆர்கானிக் மாதிரிகளில் 6.5 சதவீதத்திலும் இருந்தது. வித்தியாசம் பெரியதுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. செம்பு, ஸ்பினோசாட் போன்ற மருந்துகளுக்கு அங்கே ஆர்கானிக் சாகுபடியிலேயே அனுமதி உண்டு. பக்கத்து வயலில் அடித்த மருந்தும் காற்றில் வரும். பல வருடங்களுக்கு முன் போட்ட டிடிடி இன்னும் மண்ணில் கிடக்கும்.

எச்சம் தென்பட்டாலே ஆபத்து என்று ஆகிவிடாது. சட்ட வரம்பைத் தாண்டியவை சாதாரண மாதிரிகளில் 1.2 சதவீதம், ஆர்கானிக்கில் 0.2 சதவீதம். தினமும் உட்கொள்ளலாம் என்று வைத்திருக்கும் அளவே, விலங்குகளுக்குப் பாதிப்பு தராத அளவில் வழக்கமாக நூறில் ஒரு பங்குதான்.

கேன்சர் விஷயத்தில், பிரிட்டனில் 6 லட்சத்துக்கும் அதிகமான பெண்களிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஆர்கானிக் சாப்பிட்டவர்களுக்கு மொத்தத்தில் புற்றுநோய் குறையவில்லை. 2018இல் வந்த பிரெஞ்சு ஆய்வு குறைவதாகச் சொன்னது. ஆனால் ஆர்கானிக் வாங்குபவர்கள் பொதுவாகவே ஆரோக்கியமாக வாழ்பவர்கள். அந்த வித்தியாசத்தைக் கணக்கில் முழுசாகக் கழிப்பது கஷ்டம். பயந்துபோய் காய்கறியையே குறைத்துவிடாதீர்கள். அதுதான் உண்மையான நஷ்டம்.