பையில் இருக்கும் ரத்தமும் மாறும்

“ஃப்ரிட்ஜுல வச்ச ரத்தம் 42 நாளும் முதல் நாள் மாதிரியே இருக்கும், பழசு புதுசுன்னு பார்க்க வேண்டாம்” – நாகர்கோவில், மார்த்தாண்டம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி.

இது தவறு. 2 முதல் 6 டிகிரி குளிரில் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் இழுத்து வைக்கும் சிவப்பணுச் சவ்வின் சோடியம்–பொட்டாசியம் பம்பு ஏறத்தாழ நின்றுவிடுவதால், பொட்டாசியம் நாள்தோறும் வெளியே கசிந்து, காலாவதி நெருங்கும்போது சூழ்ந்துள்ள திரவத்தில் லிட்டருக்கு 50 மில்லிமோல் வரை எட்டக்கூடும். அந்தத் திரவம் ஒரு பையில் சுமார் 100 மில்லிதான். ஆக மொத்தம் 5 மில்லிமோல், மெதுவாக ஏற்றினால் பெரியவர்களின் உடல் பொதுவாகத் தாங்கிக்கொள்ளும். மூன்று கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தைக்கு முழு ரத்தமாற்று செய்யும்போதோ அதே பை இதயத்துடிப்பையே குலைக்கலாம் என்பதால், 5 நாட்களுக்கு உட்பட்ட பையைத் தேடுகிறார்கள். ஆக்சிஜனைத் திசுக்களில் விடுவிக்க உதவும், சிவப்பணுவில் உள்ள 2,3-டிபிஜி என்ற வேதிப்பொருளும் இரண்டே வாரத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. ஏற்றிய பின் அது ஓரிரு நாட்களில் மீள்வதால், முப்பது நாள் பையைக் கண்டு பெரியவர்கள் அஞ்சுவதும் தேவையற்றது.